புதுமனை புகுவிழாவுக்கு மொய்யா, பொருளா? சொந்தக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து வழக்கத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதற்குச் செய்முறை என்று பெயர். கொங்குப் பக்கமும் டெல்டா பக்கமும் சில விஷயங்கள் மாறும், ஒரே ஊரிலேயே சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு மாறும். அதனால் முறை என்று நான் சொல்கிற எதையும் உங்கள் வீட்டில் மூத்த பெண் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தங்கச்சி வீடு கட்டிப் பால் காய்ச்சுறா. பணமா கொடுக்கிறதா, ஏதாவது பொருளா வாங்கித் தர்றதா?

நீங்கள் அண்ணன் என்றால் இது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை. பிறந்த வீட்டுச் சீர் ஒன்று இருக்கிறது, மொய் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு. சீர் என்பது அவள் பிறந்த வீட்டு ஆட்கள் தட்டு எடுத்து வந்தார்கள் என்று நாலு பேர் பார்க்க நடப்பது. புகுந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் மதிப்பு அதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அதைக் கவரில் போட்டுக் கொடுக்க முடியாது. மொய் என்பது நோட்டில் ஏறும் பணம். அது மச்சான் கையில் சேர்ந்து அந்த வாரமே செலவாகும்.

பெரும்பாலானவர்கள் குழம்புவது, இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, சீருக்குப் பதில் பெரிய கவர் என்றோ, மொய்க்குப் பதில் ஒரு மிக்ஸி என்றோ கணக்குப் போடும்போதுதான். என் அபிப்பிராயம் இது: சீரைச் சின்னதாகவும் முறையாகவும் செய்யுங்கள், மொய்யைப் பணமாக எழுதுங்கள், வீட்டுக்கு உதவும் பொருள் ஏதாவது வாங்கித் தர ஆசை இருந்தால் அதை விசேஷம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, அவர்கள் அங்கே குடியிருந்து பார்த்த பிறகு வாங்கிக் கொடுங்கள்.

அண்ணன், தாய்மாமன் இல்லாமல் தூரத்துச் சொந்தம் என்றால் சீர் கிடையாது. மொய் மட்டும் போதும். பொருள் வேண்டியதே இல்லை.

பணமா கொடுத்தா, "கடமைக்குக் குடுத்துட்டுப் போயிட்டான்"னு நினைக்க மாட்டாங்களா?

வீடு கட்டி முடிக்கிற வீட்டுக்காரரின் நிலைமையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பால் காய்ச்சும் தேதி குறித்த பிறகுதான் கையில் பணம் வறண்டு போகும். ஆசாரி கதவு, அலமாரி வேலைக்குப் பாக்கி கேட்பார், பெயிண்டர் கடைசிக் கோட்டுக்கு முன் பணம் கேட்பார், டைல்ஸ் கடையில் பாக்கி நிற்கும். இது போதாதென்று பந்தல், சமையல், ஐயர் தட்சணை, சொந்தக்காரர்களுக்கு எடுக்கும் துணி. வங்கிக் கடனில் கட்டியவராக இருந்தால் பழைய வீட்டு வாடகையும் புது வீட்டுத் தவணையும் ஒரே மாதத்தில் இரண்டும் விழும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் நாலாவது சுவர்க்கடிகாரத்தைவிட 2,001 ரூபாய் பணம் பல மடங்கு பிரயோஜனம்.

இன்னொன்று. நெருங்கிய சொந்தமாக இருந்தால் மொய்ப் பணத்தை விசேஷத்தன்று மேஜையில் கொடுப்பதைவிட இரண்டு மூன்று நாள் முன்னாடியே வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் மீதிப் பணம் கொடுக்க வேண்டியது விசேஷம் முடிந்த கையோடு. மொய்ப் பணமோ ராத்திரி எண்ணிய பிறகுதான் கைக்கு வரும். முன்னாடி கொடுத்தால், "இது மொய்தான், நோட்டுல என் பேரை ஏத்திடு மச்சான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நேரில் போகும்போதும் மேஜையில் இருப்பவரிடம் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடனாக வாங்கியது என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் பின்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

அவங்க எங்க வீட்டு விசேஷத்துல 1,001 எழுதியிருக்காங்க. அதுக்குப் பதிலா நல்ல பொருளா வாங்கிக் கொடுத்து ஈடுகட்டிடலாமா?

வேண்டாம். பணமாக வந்தது பணமாகவே திரும்பிப் போகட்டும்.

காரணம் மொய் நோட்டு வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. பந்தல் வாசலில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிச் சொல்ல, இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. அதில் அங்கேயே ரசீது அச்சாகி வரும். எப்படி எழுதினாலும் நோட்டில் இருப்பது தொகைதான். பொருள் கொடுத்தால் "பித்தளைக் குடம் 1" என்றோ "மிக்ஸி" என்றோ ஏறும், சில நேரம் எதுவுமே ஏறாது. பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பவர்கள் அடுத்த தலைமுறை ஆட்களாக இருப்பார்கள். மிக்ஸி என்ன விலை, எந்த கம்பெனி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 1,001 எழுதினோம், இவர்கள் திருப்பி எழுதவில்லை என்றுதான் நோட்டு அவர்களுக்குச் சொல்லும். நீங்கள் 4,000 ரூபாய்க்குப் பொருள் கொடுத்திருந்தாலும் கணக்கில் நீங்கள் பாக்கிதான்.

எவ்வளவு எழுதுவது என்றால், முதலில் உங்கள் வீட்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அப்பாவின் காரியம் என்று எல்லா நோட்டிலும் அவர்கள் பெயர் எங்கெங்கே இருக்கிறது, அதற்குப் பிறகு நீங்கள் அவர்கள் வீட்டுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று தேடுங்கள். அவர்கள் எழுதியதற்குக் குறையாமல் எழுத வேண்டும் என்பது அடிப்படை. அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி எழுதுவது முறை. அந்தக் கூடுதல்தான் இனி அவர்கள் உங்களுக்குச் செய்ய வேண்டியதாக நின்று போக்குவரத்தைத் தொடர வைக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்த மொய் என்றால் 1,001க்கு 1,501 போதும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் அன்றைக்கு 1,001 கொடுத்தவர் மனதில் அது பெரிய பணம். 2,001ஆவது எழுதுவதுதான் நியாயம்.

ரொம்பத் தாராளமாக எழுதுவதும் நல்லதில்லை. 1,001க்கு 10,001 எழுதினால் அது அவர்கள் தலையில் நீங்கள் ஏற்றி வைத்த கடன். அதைத் திருப்ப முடியாமல் உங்கள் வீட்டு விசேஷத்துக்கே வராமல் ஒதுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையில 15,000தான் இருக்கு. அண்ணன் முறை. எப்படிப் பிரிக்கிறது?

தாராளமாகச் செய்யலாம். ஒரு மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம், விலை உங்கள் ஊர்க் கடைக்குத் தகுந்த மாதிரி மாறும்.

சீருக்கு 6,000 ஒதுக்குங்கள். தங்கைக்குச் சேலை 2,500, மச்சானுக்கு வேட்டி சட்டை 1,200, தேங்காய், பழம், பூ, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் சேர்த்து 800, பால் காய்ச்சும் பாத்திரமோ ஒரு குடமோ 1,500. மொய்யாக 5,001. மீதி நாலாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. அதைத் தொடாமல் வைத்திருந்து இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்கு என்ன தேவைப்படுகிறதோ அதற்குக் கொடுங்கள்.

இதில் எங்கே குறைக்கலாம் என்று கேட்டால் சேலையில் குறைக்கலாம், 1,200 ரூபாய்க்கும் நல்ல சேலை கிடைக்கும், எத்தனை ரூபாய் சேலை என்று சபையில் யாரும் பார்க்கப் போவதில்லை. தட்டு எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், அதுவும் ஒற்றைப்படையாக இருக்கிறதா என்று. ஐந்து தட்டு, ஏழு தட்டு போதும். இருபத்தொரு தட்டு எடுக்கிறேன் என்று பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய பிஸ்கட் பாக்கெட்டையும் சாக்லேட்டையும் அடுக்குவதற்குப் போகும் பணத்தை மொய்யில் கூட்டிவிடலாம்.

மொய்யை மட்டும் குறைக்க வேண்டாம் என்பேன். மச்சானுக்கு உண்மையில் கைகொடுப்பது அதுதான்.

சீர்த் தட்டுல என்ன பொருள் வைக்கிறது? குத்துவிளக்கு வைக்கலாம்னு இருக்கோம்.

மங்கலப் பொருளோடு அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், உப்பு, மஞ்சள் கண்டிப்பாக இருக்கட்டும். புது வீட்டுக்குள் முதலில் போகும் பொருள்கள் இவை. விசேஷம் முடிந்த மறுநாளே சமையலுக்கு ஆகும், ஒன்றும் வீணாகாது. அரிசியை அலங்காரத்துக்கு ஒரு படி வைக்காமல், அவர்கள் வீட்டில் சாப்பிடும் ரகமாகப் பார்த்து ஒரு சிப்பமே எடுத்துப் போனால் நல்ல சீர் அது. பால் காய்ச்சும் பாத்திரத்தை யார் வாங்குவது என்பது வீட்டுக்கு வீடு வேறு. சில இடத்தில் பெண்ணின் அம்மா வீடு, சில இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா தங்கை, அதாவது நாத்தனார். இதை மட்டும் போனில் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். நாத்தனாரும் ஒன்று வாங்கி வந்து நிற்கும்போது, யார் பாத்திரத்தில் பால் பொங்க விடுவது என்று விடியற்காலையில் தகராறு வேண்டாம்.

குத்துவிளக்கு நல்ல பொருள்தான், ஆனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, வேறு யாரும் வாங்குகிறார்களா? தாய்மாமன், அண்ணன், சம்பந்தி என்று மூன்று பேரும் குத்துவிளக்கோடு வந்து நிற்பது சாதாரணமாக நடக்கிறது. இரண்டு, பூஜை அலமாரியின் உயரம் எவ்வளவு? இப்போது கட்டும் வீடுகளில் பூஜை அறை என்பது பெரும்பாலும் சமையலறைப் பக்கச் சுவரில் ஆசாரி செய்து கொடுக்கும் ஓர் அலமாரிதான். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி இருந்தால் அதிகம். அதற்குள் இரண்டடி விளக்கு நிற்காது. ஒன்றேகால் அடி விளக்கை உள்ளே நிறுத்தி ஏற்றினாலும் சுடர் மேல் தட்டு மரத்தைக் கருக்கிவிடும். பெரிய விளக்கு பரணுக்குப் போய்விடும், வருடத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்க்கும் வேலை தங்கைக்கு. அலமாரிக்குத் தகுந்த முக்கால் அடி விளக்கு ஜோடியாக வாங்குங்கள், தினமும் ஏற்றுவாள்.

பித்தளையை எடை போட்டுத்தான் பாத்திரக்கடையில் விற்பார்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும், ஒரே உயரத்தில் ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருக்கும். லேசான விளக்கில் மரையைத் திருகி மாட்டும் இடம் சீக்கிரம் ஆடும், எண்ணெய் அந்த வழியாகக் கசியும். கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோயில் விளக்கு வார்ப்பில் செய்வது, கனமாக இருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

"உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா, "ஒண்ணும் வேண்டாம், வந்து வாழ்த்துனா போதும்"னு சொல்றாங்க. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வீடு பார்க்கிற சாக்கில் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒவ்வொரு அறையிலும் மேலே பாருங்கள், ஃபேன் கொக்கி மட்டும் தொங்குகிறதா, ஃபேன் இருக்கிறதா. ஜன்னல்களில் கொசுவலை அடித்திருக்கிறதா, திரைத்துணிக்குக் கம்பி மாட்டியிருக்கிறதா. மாடிப்படிக்கு விளக்கு, வாசலுக்கு விளக்கு, துணி காயப்போடக் கொடி. பணம் தீர்ந்து போகும்போது வீட்டுக்காரர் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். இதையெல்லாம் யாரும் பரிசாகக் கொடுப்பதும் இல்லை. கொசுவலை அடிக்கும் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு சித்தப்பாவை அந்த வீட்டுப் பிள்ளைகள் ரொம்ப காலம் மறக்க மாட்டார்கள்.

கேட்பதையும் மாற்றிக் கேளுங்கள். "என்ன வேணும்" என்று கேட்காமல், "ஃபேன் எல்லா ரூமுக்கும் வாங்கியாச்சா, இல்ல ஹாலுக்கு நான் வாங்கட்டுமா?" என்று பொருளைச் சொல்லிக் கேட்டால் உண்மையான பதில் வரும்.

வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கிக் கொடுக்கலாம்னு ஆசை. நல்ல பரிசுதானே?

அவசரப்பட வேண்டாம். புது வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே அப்போது முடிவாகியிருக்காது. மாநகராட்சி இணைப்புக்கு மனு போட்டிருப்பார்கள், இப்போதைக்குப் போர் தண்ணீர் ஓடும், போரும் புதிது என்றால் முதல் சில வாரம் கலங்கலாக மணலோடு வரும். அந்தத் தண்ணீரில் ப்யூரிஃபையரை மாட்டினால் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஆர்.ஓ. வேண்டுமா இல்லையா என்பதைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவுதான் முடிவு செய்ய வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்றதாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். போர் தண்ணீர் அதைத் தாண்டினால் ஆர்.ஓ. உதவும். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் 200, 250 என்று காட்டினால் ஆர்.ஓ. வீண், புற ஊதா விளக்கு உள்ள சாதாரண வகையே போதும். ஆர்.ஓ. தண்ணீரை வீணாக்கும், உள்ளே ஃபில்டரும் மெம்பரேனும் மாற்ற வருடா வருடம் அவர்கள் கையிலிருந்து சில ஆயிரம் ரூபாய் போகும். உங்கள் பரிசால் அவர்களுக்கு வருகிற செலவு அது. அதனால்தான் இரண்டு மாதம் பொறுங்கள் என்கிறேன்.

இதற்குப் பதில் ஃபேன் கொடுங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடும், சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம், இரண்டு மாத பில்லில் 27 யூனிட் குறையும். மூன்று ஃபேன் என்றால் எண்பது யூனிட். இலவச யூனிட்டைக் கணக்குப் பார்த்து ஓடும் வீட்டுக்கு எண்பது யூனிட் பெரிய விஷயம். விசேஷத்துக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியன் வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பார், அவரிடமே கொடுத்துவிட்டால் மாட்டும் கூலியும் தனியாக ஆகாது. ஃபேன் மட்டும்தான் நான் முன்கூட்டி வாங்கச் சொல்லும் பொருள்.

நாங்க பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க ஆறு பேர் சேர்ந்து வாஷிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கோம்.

நல்ல யோசனை, ஆளுக்கு 3,000 போட்டால் 18,000 ரூபாய்க்கு நல்ல மெஷின் வரும். ஆனால் மூன்று விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆறு பேரும் மொய் எழுதப் போகிறீர்களா இல்லையா? மெஷினுக்கும் 3,000 போட்டு மொய்யும் எழுத எல்லோராலும் முடியாது, அதை வாட்ஸாப் குரூப்பில் வாய்திறந்து சொல்லத் தயங்குகிறவர் ஒருவராவது இருப்பார். இரண்டு பேர் எழுதி நாலு பேர் எழுதாமல் விட்டால் பார்க்க நன்றாக இருக்காது. ஏற்கெனவே மொய் வாங்கியவர்கள் அதைப் பணமாகத் திருப்புவது முக்கியம் என்று மேலே சொன்னேன், அதனால் அவர்களை மெஷின் பங்கிலிருந்து விட்டுவிடுவதுதான் நல்லது.

மெஷினை நோட்டில் ஏற்றும்போது "வாஷிங் மெஷின்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஆறு பெயரையும் தனித்தனி வரியில், ஒவ்வொன்றுக்கும் நேராக 3,000 என்று எழுதச் சொல்லுங்கள். பணம் வசூலித்துக் கடைக்குப் போனவர் பெயர் மட்டும் ஏறி, மற்ற ஐந்து பேர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

பில்லை வீட்டுக்காரர் பெயரிலும் அவர் போன் நம்பரிலும் போடுங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும், அதனால் தள்ளுபடி வந்தது என்று நாலு மாதம் முன்னாடியே வாங்கி யார் வீட்டிலாவது போட்டு வைக்காதீர்கள். மெஷின் வைக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் ஓட்டை, பிளக் பாயிண்ட் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், கதவு அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். விசேஷத்தன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அன்றைக்கு அந்த வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அவர்கள் சாமான் எல்லாம் ஏற்றி வந்து குடியேறிய வாரத்தில் கடைக்காரரே கொண்டுபோய் மாட்டித் தரும்படி தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பில்லை ஒரு கவரில் போட்டுத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தாலே போதும்.

ஊருக்கு வர முடியலை. கூகுள் பேல அனுப்பினா போதுமா?

மொய்க்குப் போதும், இப்போது மேஜையிலேயே க்யூ.ஆர். அட்டை வைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரர் நம்பருக்கே நேராக அனுப்புங்கள், மேஜையில் இருக்கும் க்யூ.ஆர். யாருடைய கணக்கு என்று தெரியாமல் யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து அனுப்ப வேண்டாம். குறிப்புப் பெட்டியில் ஊர், அப்பா பெயர், உங்கள் பெயர் எழுதுங்கள். ஆப்பில் உங்கள் பெயர் இனிஷியலோடு மட்டும் வரும், ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் சொந்தத்தில் எந்த ஆள் என்று யாருக்கும் புரியாது. அப்புறம் போன் போட்டு, நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பணம் அனுப்பியதோடு விட்டால் நோட்டில் ஏறாமல் போவது ரொம்ப சகஜம்.

சீர் மட்டும் ஆப்பில் போகாது. அண்ணனால் வர முடியாவிட்டால் அண்ணியோ பிள்ளையோ பங்காளியோ தட்டு எடுத்துப் போக வேண்டும்.

பத்திரிகையில "மொய் தவிர்க்கவும்"னு போட்டிருக்காங்க. வெறுங்கையோட எப்படிப் போறது?

அவர்கள் நிஜமாகவே அதைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்திக் கவரைத் திணித்தால், மற்றவர்களிடம் வாங்காமல் உங்களிடம் வாங்கினார்கள் என்ற பேச்சு அவர்களுக்குத்தான் வரும். பழம், பூ, அரிசி எடுத்துப் போங்கள். அவர்களிடம் வாங்கிய பழைய மொய் பாக்கி இருந்தால் குறித்து வைத்து, அவர்கள் வீட்டில் அடுத்து வரும் கல்யாணத்திலோ காதுகுத்திலோ எழுதிக்கொள்ளலாம். பிறந்த வீட்டுச் சீருக்கு மட்டும் இந்த வரி பொருந்தாது.

பெரிய தொகையா கொடுத்தா வரிப் பிரச்சினை வருமா?

மொய் எழுதுகிறவர் இதை யோசிக்கவே வேண்டாம். வாங்குகிற வீட்டுக்காரர்தான் யார் கொடுத்தது, எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர்கள், பெற்றோர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள் ஆகியோரிடமிருந்து வாங்கும் பணத்துக்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. சித்தப்பா பிள்ளை, மாமா பிள்ளை, நண்பர்கள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்காகும். கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்குத் தனி விலக்கு உண்டு, பால் காய்ச்சுக்கு அந்த விலக்கு இல்லை என்பது நிறைய பேருக்குத் தெரியாது. ஒரே ஆளிடம் ஒரே விசேஷத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது, வங்கி வழியாகத்தான் போக வேண்டும். பெரிய தொகை என்றால் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆவணியில மட்டும் நாலு பத்திரிகை வந்திருக்கு. கையில ஒண்ணும் இல்லை. வட்டிக்கு வாங்கிச் செய்யலாமா?

வட்டிக்கு வாங்காதீர்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஆவணியில் எல்லாம் சேர்ந்து வருவது வருடா வருடம் இருக்கிறதுதான். அதே மாதிரி மார்கழி முடிந்து தையிலும் வரும். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 10,000 வாங்கினால் ஒரு வருடத்தில் வட்டியே 3,600 ஆகும். உங்களுக்குத் திரும்பி வரும் மொய் உங்கள் வீட்டில் விசேஷம் நடக்கும்போதுதான் வரும், அது எத்தனை வருடம் கழித்தோ. அந்தப் பணத்துக்கு அதுவரை யார் வட்டி கட்டுவது?

நாலு பத்திரிகையையும் வரிசைப்படுத்துங்கள். உங்களுக்கு ஏற்கெனவே எழுதியவர்கள் முதலில், அவர்கள் எழுதியதைக் குறையாமல் திருப்புங்கள், இந்தத் தடவை கூட்டி எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை. புதிதாகப் போக்குவரத்து ஆரம்பிக்கும் இடத்தில் 201 எழுதினால் போதும். அண்ணன் முறையாகச் செய்ய வேண்டிய இடத்தில், தங்கையிடம் முன்கூட்டியே தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்: "இப்ப ஐந்து தட்டும் 1,001ம்தான் முடியும்மா, பிள்ளை காதுகுத்துல சேர்த்துச் செய்றேன்." முன்னாடியே தெரிந்திருந்தால் புகுந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவள் அதைச் சமாளித்துக்கொள்வாள், சபையில் வைத்துத் தெரிய வருவதுதான் அவளுக்கு வலிக்கும். அப்புறம், முதல் நாள் மத்தியானமே போய்விடுங்கள். பாத்திரம் இறக்குவது, வாழைமரம் கட்டுவது, விடியற்காலை நாலு மணிக்கு ஐயரைக் கூட்டி வருவது, பந்தியில் நின்று பார்ப்பது என்று அன்றைக்கு ஆள் இல்லாமல் மச்சான் தவிக்கிற வேலை நிறைய இருக்கும்.